சம்பளத்தில் எத்தனை பங்கு, வேலையில் எத்தனை ஆண்டு

பெங்களூரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி. போன்ற பொதுத்துறை ஆலைகளில் வேலை பார்த்த தலைமுறைக்கு, வேலையை எப்போது விடலாம் என்ற கேள்வியே எழவில்லை. ஓய்வு பெறும் வயதை நிறுவனம் சொன்னது. பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் அன்று கையில் வந்தன. இன்று வைட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை செய்பவருக்கு அந்த நாளைக் குறித்துத் தருவார் யாரும் இல்லை. பி.எஃப்.-உடன் வரும் ஓய்வூதியத்துக்குச் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி 35 ஆண்டு உழைத்தவருக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய்க்கும் குறைவுதான். அதுவும் விலைவாசிக்கு ஏற்ப உயராது. ஆகவே அந்த நாளை நாமே கணக்கிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு என்ன சம்பளம் வாங்குகிறோம் என்பதைவிட, அதில் எத்தனை பங்கை மிச்சம் பிடிக்கிறோம் என்பதே முக்கியம். இந்த அத்தியாயம் அந்த ஒரு கணக்கைப் பற்றியது.

நிதிச் சுதந்திரம் என்று இங்கே சொல்வது ஒரு குறிப்பிட்ட நிலையை. சம்பளம் நின்றுபோனாலும், சேர்த்த பணம் தரும் வளர்ச்சியிலிருந்தே குடும்பச் செலவு நடக்க வேண்டும். விலைவாசி ஏறினாலும் அந்தப் பணம் தேய்ந்துபோகக் கூடாது. இந்த நிலையை எட்டியபின் வேலைக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

சம்பளத் தொகை ஏன் கணக்கில் வருவதில்லை

மாதம் 60,000 ரூபாய் சம்பாதித்து 30,000 சேமிப்பவரையும், 3 லட்சம் சம்பாதித்து 1.5 லட்சம் சேமிப்பவரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டாமவர் ஐந்து மடங்கு சேமிக்கிறார். ஆனால் அவருடைய வாழ்க்கையை நடத்த ஐந்து மடங்கு பணம் வேண்டும். இலக்கும் ஐந்து மடங்கு, சேமிப்பும் ஐந்து மடங்கு என்பதால் இருவரும் ஒரே ஆண்டில் இலக்கைத் தொடுவார்கள்.

சேமிப்பு விகிதம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. செலவில் 1,000 ரூபாய் குறைந்தால் மாதச் சேமிப்பு 1,000 ரூபாய் கூடும். அதே சமயம், அந்த 1,000 ரூபாய் இல்லாமலே வாழப் பழகிவிட்டதால், கடைசியில் தேவைப்படும் தொகையும் குறையும். சம்பள உயர்வில் வரும் 1,000 ரூபாயைச் சேமித்தால் முதல் பலன் மட்டுமே கிடைக்கும், இலக்கு இறங்காது. செலவைக் குறைப்பதற்கும் வருமானத்தைக் கூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

எவ்வளவு பணம் வேண்டும்: 400 மடங்கு

1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், 1926 முதலான அந்நாட்டுச் சந்தை விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். ஓய்வு பெறும்போது கையில் உள்ள பணத்தில் முதல் ஆண்டு 4% எடுத்து, பின்னர் ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டு போனால், 30 ஆண்டுக்குப் பணம் தாங்கும் என்று கண்டார். டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கைப் பரவலாக்கியது. ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்தால் போதும் என்று உலகெங்கும் சொல்லப்படுவதன் வேர் இது.

அந்த எண்ணை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அது அமெரிக்கச் சந்தைக்கும் அங்குள்ள விலைவாசிக்கும் 30 ஆண்டு ஓய்வுக்காலத்துக்கும் போட்ட கணக்கு. 50 வயதில் வேலையை விடுபவருக்குப் பணம் 40 ஆண்டு தாங்க வேண்டும். நம் விலைவாசி ஏற்றமும் அதிகம். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4% என்றாலும், 2022-23-இல் சில்லறைப் பணவீக்கம் 6.7 சதவீதத்தைத் தொட்டது. பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் சேர்ந்த பெங்களூர்க் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6% என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

வளர்ச்சியையும் அளவாகவே மதிப்பிடுவோம். பி.எஃப். வட்டி 2024-25-க்கு 8.25%. பி.பி.எஃப். வட்டி 2020 ஏப்ரலில் இருந்து 7.1%. சேமிப்பில் பாதி இப்படிப்பட்ட நிலையான வட்டியிலும், பாதி பங்குச்சந்தை இண்டெக்ஸ் ஃபண்டிலும் இருக்கட்டும். ஃபண்ட் நீண்ட காலத்தில் 11% தரும் என்று கொண்டால் கலவையாக 9 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். ஃபண்டை விற்கும்போது, ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்ட கால லாபத்துக்கு 12.5% வரி உண்டு. அதையும் கழித்து 9% என்று எடுத்துக்கொண்டால், விலைவாசி 6% போக மிஞ்சுவது 3%. இந்த அத்தியாயத்தில் நிகர வளர்ச்சி என்று வரும் இடமெல்லாம் இந்த 3 சதவீதத்தையே குறிக்கும்.

ஆண்டுக்கு 3% மட்டுமே எடுத்துச் செலவழிப்பதென்றால், ஆண்டுச் செலவைப் போல 33⅓ மடங்கு வேண்டும். மாதக் கணக்கில் இது நினைவில் வைக்க எளிது: மாதச் செலவை 400-ஆல் பெருக்குங்கள். மாதம் 50,000 ரூபாய் செலவுக்கு 2 கோடி. மாதம் 1 லட்சம் செலவுக்கு 4 கோடி. ஒவ்வொரு 1,000 ரூபாய் மாதச் செலவுக்குப் பின்னாலும் 4 லட்சம் ரூபாய் நிற்க வேண்டும். இவை எல்லாம் இன்றைய விலைவாசியில் சொல்லும் தொகைகள். வளர்ச்சியிலிருந்து விலைவாசியை முன்பே கழித்துவிட்டதால், எதிர்காலத் தொகையாக மறுபடி உயர்த்தத் தேவையில்லை.

விகிதமும் ஆண்டும்

நிகர வளர்ச்சி 3%, எடுப்பதும் 3% என்று இரண்டையும் ஒன்றாக வைத்ததில் ஒரு வசதி உண்டு. கையில் எதுவும் இல்லாமல் தொடங்கும் ஒருவருக்குக் கணக்கு ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடும்: உங்கள் ஆண்டுச் சேமிப்புத் தொகை 3% வளர்ச்சியில் உங்கள் ஆண்டு வருமானத்தின் அளவுக்குப் பெருக எத்தனை ஆண்டு ஆகும்? அத்தனை ஆண்டுதான் விடை.

பாதி வருமானத்தைச் சேமிப்பவருக்கு, அந்தப் பாதி முழுதாக ஆக வேண்டும், அதாவது இரட்டிப்பாக வேண்டும். 3% வளர்ச்சியில் பணம் இரட்டிப்பாக 23 ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். கால் பங்கு சேமிப்பவருக்கு இரண்டு இரட்டிப்பு வேண்டும், கிட்டத்தட்ட 47 ஆண்டு. சேமிப்பு விகிதம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் வேலைக்காலம் 23 ஆண்டு நீள்கிறது.

| சேமிப்பு விகிதம் | 3% வளர்ச்சி, 33⅓ மடங்கு | 4% வளர்ச்சி, 25 மடங்கு |
|---|---|---|
| 10% | 78 ஆண்டு | 59 ஆண்டு |
| 20% | 54 | 41 |
| 30% | 41 | 31 |
| 40% | 31 | 23 |
| 50% | 23 | 18 |
| 60% | 17 | 13 |
| 70% | 12 | 9 |

வலது பக்கப் பத்தி, சந்தை நம்மிடம் தாராளமாக நடந்துகொண்டால் வரும் விடை. திட்டம் போடும்போது நடுப் பத்தியையே பாருங்கள். அமெரிக்க நூல்களில் நிகர வளர்ச்சி 5%, இலக்கு 25 மடங்கு என்று வைத்து, பாதி சேமித்தால் 17 ஆண்டு என்பார்கள். நம் நாட்டில் அதே பாதிக்கு 23 ஆண்டு என்று வைத்துக்கொள்வதே பொறுப்பான கணக்கு.

10 சதவீத வரிசையைக் கவனியுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் 12%, நிறுவனம் 12% என்று பி.எஃப். பிடித்தாலும், அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கும் வேலைகளில் அது மொத்த வருமானத்தில் 10 சதவீதத்தை ஒட்டியே வரும். பி.எஃப். பிடிக்கிறார்கள், அது போதும் என்று இருப்பவர் நிற்கும் வரிசை அதுதான்.

உங்கள் விகிதத்தைச் சரியாக எடுப்பது

பெரும்பாலோர் தம் விகிதத்தைக் கூட்டியே சொல்வார்கள். கீழே சொல்லும் முறையில் எடுத்தால் உண்மை தெரியும்.

முதலில் வருமானம். கைக்கு வரும் சம்பளம், அதோடு பி.எஃப்.-க்குப் போகும் உங்கள் பங்கு, நிறுவனத்தின் பங்கு, இந்த மூன்றையும் கூட்டுங்கள். வருமான வரியைச் சேர்க்க வேண்டாம். போனஸ் கைக்கு வந்த ஆண்டில் மட்டும் சேருங்கள். நிறுவனம் தரும் பங்குகளை விற்றுப் பணமாக்கியபின்பே எண்ணுங்கள்.

அடுத்து செலவு. தனித்தனியாக எழுதிக் கூட்டினால் பாதி விட்டுப்போகும். ஏப்ரல் முதல் மார்ச் வரை வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறிய மொத்தத்தை எடுத்து, அதில் முதலீட்டுக்குப் போனதை மட்டும் கழியுங்கள். மிச்சம் எல்லாம் செலவு. ஊருக்கு அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணம் செலவு. கல்யாணத்துக்கு எழுதும் மொய்யும் செலவு.

பிறகு எது சேமிப்பு என்பது. நம் வீடுகளில் குழப்பம் இங்கேதான் வரும். வாங்கும் நகையைச் சேமிப்பு என்போம். ஆனால் மகளுக்கென்று வைத்திருக்கும் நகையை 55 வயதில் விற்று அரிசி வாங்கப்போவதில்லை. விற்கமாட்டோம் என்று தெரிந்த தங்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெங்களூரில் வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸையும் சேர்க்காதீர்கள். ஐந்து மாதமோ பத்து மாதமோ வாடகை அங்கே வட்டியில்லாமல் கிடக்கிறது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வதும் வழக்கம். வீட்டுக் கடன் இருந்தால் இ.எம்.ஐ. முழுவதையும் இப்போதைக்குச் செலவாகவே எழுதுங்கள். குடியிருக்கும் வீடு மாதாமாதம் பணம் தராது. கடன் முடிந்தபின் வாடகையும் இ.எம்.ஐ.யும் இல்லாத செலவு எவ்வளவோ, அதை 400-ஆல் பெருக்குங்கள். வீட்டின் பலன் அந்தக் குறைந்த இலக்கில் தானே வந்துவிடும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவருக்கும் 32 வயது. சொந்த ஊர் சேலம். கே.ஆர். புரம் பக்கம் வாடகை வீடு. மூன்று வயதில் ஒரு குழந்தை. இருவர் கைக்கும் வருவது மாதம் 1,75,000 ரூபாய். இரு பக்க பி.எஃப். 25,000. மொத்தம் 2 லட்சம், ஆண்டுக்கு 24 லட்சம். இதுவரை சேர்த்தது 20 லட்சம்.

மாதச் செலவு இப்படி:

- வாடகையும் பராமரிப்பும்: 36,000
- மளிகை, பால், காய்கறி, கேஸ், கரண்ட்: 24,000
- குழந்தையின் பள்ளி, வேன்: 17,000
- வீட்டு வேலைக்கு வருபவர் சம்பளம்: 5,000
- போக்குவரத்து: 8,000
- கைபேசி, இணையம், காப்பீடு: 6,000
- சேலத்துக்கு அனுப்புவது: 15,000
- ஊர்ப் பயணம், பண்டிகை, விசேஷம்: 9,000
- வெளிச் சாப்பாடு, துணிமணி, ஆன்லைன்: 10,000

கூட்டினால் 1,30,000. மிச்சம் 70,000, அதாவது 35%. இலக்கு 1,30,000-ஐ 400-ஆல் பெருக்கினால் 5.2 கோடி.

கையில் ஏற்கெனவே பணம் உள்ளவர்களுக்குச் சூத்திரத்தில் சிறு மாற்றம் போதும். ஆண்டுச் சேமிப்போடு, இருக்கும் பணத்தின் 3 சதவீதத்தையும் கூட்டுங்கள். ஆண்டு வருமானத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள். அத்தனை மடங்காகப் பெருகும் காலம்தான் விடை. கூகுள் ஷீட்டிலோ எக்செலிலோ லட்சக் கணக்கில் இப்படி அடிக்கலாம்:

```
=LN(24/(8.4+0.03*20))/LN(1.03)
```

விடை 33.2. இன்று 32 வயதானவர்கள் 65 வயதில்தான் இலக்கைத் தொடுவார்கள். 58-லோ 60-லோ வேலை முடிந்துவிடும் என்பதால், இந்தக் குடும்பத்தின் இப்போதைய விகிதம் போதாது என்பதே இதன் பொருள். மாதம் 70,000 சேமிக்கும் வீட்டில் யாரும் இதை எதிர்பார்க்கமாட்டார்கள். அதனால்தான் தொகையைப் பார்க்காமல் விகிதத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது அவர்கள் நான்கு இடங்களில் கை வைக்கிறார்கள் என்று வைப்போம். நடந்தே மெட்ரோவுக்குப் போகும் தூரத்தில் கொஞ்சம் சிறிய வீட்டுக்கு மாறுவதில் வாடகை 8,000 குறைகிறது. கேப் பிடிப்பதை விட்டுப் பர்ப்பிள் லைனில் போவதில் 4,000 மிச்சம். பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரும் ஆர்டர்களை நிறுத்தி வாரம் ஒருமுறை மொத்தமாக வாங்குவதில் 4,000. வெளிச் சாப்பாட்டிலும் ஆன்லைன் வாங்குதலிலும் 4,000. சேலத்துக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்கவில்லை. செலவு 1,10,000 ஆனது, சேமிப்பு 90,000, விகிதம் 45%.

இலக்கு 5.2 கோடியிலிருந்து 4.4 கோடிக்கு இறங்குகிறது. மேலே உள்ள சூத்திரத்தில் 8.4 என்ற இடத்தில் 10.8 போட்டால் விடை 25.2. மாதம் 20,000 ரூபாய் மாற்றத்துக்கு எட்டு ஆண்டு திரும்பக் கிடைக்கிறது. அந்த 20,000-இல் மற்ற எதையும்விட அதிகம் தந்தது வாடகை. பெங்களூரில் விகிதத்தை உயர்த்த நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வீடு எங்கே, அலுவலகம் எங்கே என்பதைத்தான். காபிச் செலவில் தேடினால் 45% வராது.

வேலையை விட்டபின் செலவு மாறினால்

இதுவரை போட்ட கணக்கில், இன்றைய செலவே என்றும் தொடரும் என்று வைத்தோம். உண்மையில் குழந்தையின் பள்ளிச் செலவு ஒருநாள் முடியும். இந்தக் குடும்பம் பிற்காலத்தில் சேலத்துக்கே திரும்பினால் வாடகையும் குறையும். அங்கே மருத்துவக் காப்பீடும் சேர்த்து மாதம் 80,000 போதும் என்று அவர்கள் நிதானமாக மதிப்பிட்டால், இலக்கு 3.2 கோடி. இன்றைய செலவும் பிற்காலச் செலவும் வேறு வேறாக இருக்கும்போது இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். வரிசை: வளர்ச்சி, ஆண்டுச் சேமிப்பு, கையிருப்பு, இலக்கு.

```
=NPER(0.03,-10.8,-20,320)
```

விடை 19.7 ஆண்டு. ஆனால் குழந்தையின் கல்லூரிப் படிப்பு மாதச் செலவில் அடங்காது. இப்போதுள்ள 20 லட்சத்தை அதற்கென்று தனியே ஒதுக்கிவிட்டு, சூத்திரத்தில் -20 என்ற இடத்தில் 0 போட்டால் 21.5 ஆண்டு. அதாவது 53, 54 வயது. இந்தக் குடும்பம் நம்பி நடக்கக்கூடிய விடை இதுதான்.

சொந்த ஊர்ச் செலவை மதிப்பிடும்போது கவனம் வேண்டும். ஊரில் எல்லாம் மலிவு என்ற நினைப்பில் பாதிக்குப் பாதி குறைத்துவிடுவார்கள். மளிகையும் மருந்தும் பெட்ரோலும் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். வாடகை, வீட்டு வேலைக்கு ஆள், பள்ளி ஆகியவற்றில்தான் வேறுபாடு. இன்றைய செலவுப் பட்டியலை வரிவரியாக எடுத்து, ஊரில் எது எவ்வளவு ஆகும் என்று எழுதியபின்பே இலக்கைக் குறையுங்கள்.

சம்பள உயர்வு வைக்கும் பொறி

விகிதத்தை மாற்றாமல் காப்பது நல்லது என்று தோன்றும். சம்பளம் விலைவாசிக்கு இணையாக மட்டும் உயரும்போது அது சரி. சம்பளம் அதைவிட வேகமாக உயரும் வேலைகளில் அதுவே தடையாகிவிடும்.

மேலே சொன்ன குடும்பம் பழைய 35 சதவீதத்திலேயே, கையில் ஏதுமின்றித் தொடங்குகிறது என்று வைப்போம். சம்பளம் விலைவாசியோடு மட்டும் ஏறினால் 35 ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். இப்போது சம்பளம் விலைவாசியைவிட ஆண்டுக்கு 3% கூடுதலாக உயர்கிறது. அவர்கள் ஒழுங்காக அதே 35 சதவீதத்தைச் சேமிக்கிறார்கள், மிச்சத்தைச் செலவழிக்கிறார்கள். பெரிய வீடு, பெரிய கார், சர்வதேசப் பள்ளி என்று செலவும் அதே 3% கூடிக்கொண்டே போகிறது. அந்தச் செலவை 400-ஆல் பெருக்கிய இலக்கும் கூடவே நகர்கிறது. சேமித்த பணமும் 3% வளர்கிறது, இலக்கும் 3% வளர்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் புதிய சேமிப்பு மட்டுமே கடக்க வேண்டும். அப்போது ஆகும் காலம் 62 ஆண்டு. சம்பளம் உயர்ந்ததால் விடுதலை தள்ளிப்போகிறது.

அதே சம்பள உயர்வை, செலவை விலைவாசிக்கு மேல் ஏறவிடாமல் முழுவதும் சேமித்தால் 22 ஆண்டில் முடிந்துவிடும். சம்பளமும் தொடக்கமும் ஒன்றே, முடிவில் 40 ஆண்டு வேறுபாடு. ஆகவே ஏப்ரல் சம்பள உயர்வுக் கடிதம் வந்த வாரத்திலேயே எஸ்.ஐ.பி. தொகையை உயர்த்துங்கள். உயர்வு 10%, விலைவாசி 6% என்றால், செலவுக்கு 6% மட்டும் ஏறட்டும். மீதி முழுவதும் முதலீட்டுக்குப் போகட்டும். முழுவதையும் ஒதுக்க முடியாவிட்டாலும், அந்த மீதியில் பாதியாவது போக வேண்டும்.

எங்கே கணக்கு தவறும்

முதல் ஆபத்து, வேலையை விட்ட முதல் சில ஆண்டுகளில் சந்தை சரிவது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200-க்குக் கீழே இருந்தது. அந்த நேரத்தில் வீட்டுச் செலவுக்காக யூனிட்டுகளை விற்றவருக்கு, சந்தை மீண்டபோது அதில் பங்கு இல்லை. வேலையை விடும் நாளுக்கு முன்பே மூன்று ஆண்டுச் செலவுத் தொகையை வங்கி வைப்பிலோ லிக்விட் ஃபண்டிலோ ஒதுக்கி வையுங்கள். இது 400 மடங்குக்கு வெளியே தேவையில்லை, அதற்குள்ளேயே நிலையான வட்டிப் பகுதியாக இருக்கலாம்.

இரண்டாவது, மருத்துவம். அலுவலகம் தந்த குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். 53 வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தபின் புதிய பாலிசி கேட்டால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்ல நிறுவனங்களுக்கு விதி இடம் தருகிறது, சில விண்ணப்பங்களை மறுத்தும் விடுவார்கள். அலுவலகக் காப்பீடு இருக்கும்போதே, 40 வயதுக்குள், குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். அதன் பிரீமியம் வயதோடு ஏறும் என்பதால், பிற்காலச் செலவுப் பட்டியலில் அதற்குத் தாராளமாக இடம் விடுங்கள்.

மூன்றாவது, இடையில் வேலை போவது. 20 ஆண்டுக் கணக்கில் ஓராண்டு சம்பளம் இல்லாமல் போனால், அந்த ஆண்டின் சேமிப்பும் நின்று, சேர்த்ததிலிருந்து செலவும் எடுக்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன குடும்பத்தில் இருவர் வேலையும் ஒன்றாக ஓராண்டு நின்றால், இழப்பு ஓராண்டோடு நிற்காது. 10.8 லட்சம் சேமிப்பு வராமல், 13.2 லட்சம் செலவும் கையிருப்பில் குறைந்து, இரண்டு ஆண்டுக்கு மேலான சேமிப்பு போய்விடும். 45 வயதுக்குப் பின் வேலை நிலைக்குமா என்ற கவலை உள்ள துறையில் இருப்பவர்கள், விகிதத்தின் பெரும்பகுதியை 30 முதல் 45 வயதுக்குள் போட்டுவிடுவது நல்லது.

ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய எண்

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரே ஒரு எண்ணை எழுதி வையுங்கள்: மொத்தச் சேமிப்பைக் கடந்த ஆண்டின் மொத்தச் செலவால் வகுத்த எண். இந்தக் குடும்பத்துக்கு இன்று 20 லட்சத்தை 15.6 லட்சத்தால் வகுத்தால் 1.28. அது 33-ஐத் தொடுவதே இலக்கு.

இந்த எண் ஆண்டுக்கு எவ்வளவு ஏற வேண்டும் என்பதும் விகிதத்திலேயே இருக்கிறது. 50% சேமிப்பவருக்கு ஓராண்டுச் சேமிப்பு ஓராண்டுச் செலவுக்குச் சமம், ஆகவே குறைந்தது 1 ஏற வேண்டும். 35% சேமிப்பவருக்கு 0.54. 45% சேமிப்பவருக்கு 0.8. சந்தை வளர்ச்சி இதற்கு மேல் வருவது. ஓர் ஆண்டு சந்தை விழுந்ததால் எண் குறைந்தால் பயப்பட வேண்டாம், அடுத்த ஆண்டும் சேமிப்பைத் தொடருங்கள். சந்தை விழாத ஆண்டிலும் எண் அந்த அளவு ஏறவில்லை என்றால், நீங்கள் சொல்லிக்கொள்ளும் விகிதம் உண்மையான விகிதம் இல்லை. எங்கோ ஒரு செலவு கணக்கில் வராமல் போகிறது. பெரும்பாலும் அது கிரெடிட் கார்டு பில்லிலோ, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய செலவிலோ இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றுதான். கடந்த 12 மாத வங்கி அறிக்கையை எடுத்து உண்மையான செலவைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து உங்கள் விகிதத்தை எடுத்து, மேலே உள்ள சூத்திரத்தில் போட்டு ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டில் உங்கள் வயது 58-ஐத் தாண்டினால், வாடகையிலிருந்து தொடங்கி விகிதத்தை உயர்த்துங்கள்.